பொண்ணு படமே இல்லையேப்பா

பென் டிரைவ் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் பெரியம்மா போன் செய்தார். "படம் எல்லாம் வருதுப்பா, சாப்பாட்டுப் பந்தி வருது, மாப்பிள்ளை வீட்டு ஆளுக வர்றாக, ஆனா பொண்ணு படமே இல்லையேப்பா." பேத்தி கல்யாணம். பேத்தியே இல்லாத கல்யாண ஆல்பத்தை நான் அனுப்பியிருக்கிறேன்.

பெரியம்மா இருப்பது பொன்னமராவதி பக்கம் ஒரு கிராமத்தில். கையில் பட்டன் போன், வீட்டில் இன்டர்நெட் கிடையாது, ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தாலும் "அதெல்லாம் எனக்கு எதுக்கு" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து பதினைந்தாவது நாளில் கோயம்புத்தூரில் கல்யாணம் என்பதால் அவரால் வர முடியவில்லை. அண்ணன் மகன் கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பம் தொடங்கி, ஆளாளுக்கு எடுத்ததை எல்லாம் அதில் போடச் சொல்லியிருந்தான். மொத்தம் 1,143 என்று ஆல்பத்தின் மேலேயே போட்டிருந்தது. அதைப் பென் டிரைவில் இறக்கி ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுவது என் வேலை. பெரியம்மா வீட்டு டிவியில் பின்பக்கம் யூஎஸ்பி துளை இருக்கிறது. இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் நினைத்தேன்.

என் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது, பெண் படம் உட்பட. அதனால் முதலில் டிவி மேல்தான் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனை டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படிக்கச் சொல்லி, அதன் கையேட்டைத் தேடி எடுத்தேன். 2014 மாடல், 32 இஞ்ச், திரை 1366×768. படம் என்றால் JPEG மட்டும். வீடியோ என்றால் H.264 வரை. பென் டிரைவ் FAT32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பெண்ணைப் பக்கத்தில் நின்று எடுத்தவர்கள் இரண்டே பேர், அண்ணன் மகனும் பெண்ணின் தோழியும். இரண்டு பேர் கையிலும் ஐபோன். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன் படங்களை வழக்கமாக `.HEIC` என்ற வடிவத்தில்தான் சேமிக்கிறது. அதே படம் JPEG-இல் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும், நல்ல வடிவம்தான், ஆனால் 2014-ஆம் வருடத்து டிவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாத கோப்பை அந்த டிவி பிழை என்றும் சொல்லாது, பட்டியலில் காட்டவே காட்டாது. பந்தியை ஆண்ட்ராய்டில் எடுத்த சித்தப்பா படங்கள் வரிசையாக ஓடுகின்றன, பெண் இருக்கிறவை உட்பட ஐபோனில் எடுத்த 438 படங்களும் இருந்த சுவடே இல்லை. பார்க்கிறவருக்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுகூடத் தெரியாது, பெரியம்மா மாதிரி ஒருவர் பேத்தியைத் தேடினால்தான் தெரியும்.

சரி, மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இரண்டாவது ஓட்டை தெரிந்தது. அண்ணன் தாரை வார்த்துக் கொடுக்கும் படம் ஒன்று ஆல்பத்தில் இருக்கிறது, பெரியம்மா கட்டாயம் தேடப்போகும் படம், அது என் லேப்டாப் ஃபோல்டரிலும் இல்லை. டிவி குற்றம் இல்லை. என் குற்றம்.

நான் இறக்கிய விதத்தைச் சொல்கிறேன். ஆல்பத்தில் `Download all` என்று ஒரு வசதி இருக்கிறது, மொத்தத்தையும் ஜிப் ஆக்கித் தரும். ஆனால் 21 ஜிபிக்கு மேல் வருகிற ஆல்பம், என் வீட்டு இணைப்பு அறுந்து அறுந்து வரும், பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். கூகுள் டேக்அவுட் வழியாகத் துண்டு துண்டாக எடுக்கலாம் என்றால், பகிர்வு ஆல்பத்தில் மற்றவர்கள் போட்டதை நாம் நம் கணக்கில் சேமித்திருந்தால்தான் அதில் வரும், அப்படிச் சேமித்தால் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் கொள்ளாது. அதனால் ஆல்பத்தைத் திறந்து, ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே போய் Shift அழுத்திக்கொண்டு இன்னொன்றைத் தொட்டு, நடுவில் இருப்பது மொத்தத்தையும் பிடித்து, Shift+D. அது ஒரு ஜிப்பாக இறங்கும். இப்படி ஆறு ஜிப். இதுவரை தப்பில்லை.

தப்பு ஜிப்பைப் பிரித்ததில். ஆறையும் ஒரே ஃபோல்டரில் பிரித்தேன். மூன்றாவது ஜிப்பில் விண்டோஸ் கேட்டது, இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று. ஒரே படம் இரண்டு தடவை தேர்வாகியிருக்கும் போல என்று நினைத்து `Replace` கொடுத்துவிட்டேன். இரண்டு ஐபோன்கள் என்றேன் அல்லவா, இரண்டுமே படங்களுக்கு `IMG_0412` என்ற மாதிரி நான்கு இலக்க எண்தான் போடும். அண்ணன் மகனின் `IMG_0412.HEIC` தாரை வார்ப்பது, தோழியின் `IMG_0412.HEIC` மண்டப வாசலில் கோலம். கோலம் வந்து தாரை வார்ப்பதை அழித்துவிட்டது.

எண்ணிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எண்ணினேன், அதுதான் கொடுமை. ஆல்பத்தில் 1,143, என் ஃபோல்டரில் 1,362 கோப்புகள். குறைந்தால் பயப்படலாம், கூடத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஏன் கூடியது? ஐபோனில் லைவ் போட்டோ என்று ஒன்று உண்டு, படம் எடுக்கும்போது முன்னும் பின்னுமாக மூன்று நொடி வீடியோவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆல்பத்தில் அது ஒரு உருப்படி. இறக்கினால் இரண்டு கோப்பு, `IMG_0412.HEIC`-க்குக் கூடவே ஒரு `IMG_0412.MOV`. இந்த வால்கள் எண்ணிக்கையை ஊதிக் காட்டியதில் உள்ளே இருந்த பள்ளம் மறைந்துவிட்டது.

இரண்டாவது தடவை ஒவ்வொரு ஜிப்பையும் தனித்தனி ஃபோல்டரில் பிரித்தேன். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டரில் பவர்ஷெல்லைத் திறந்து வகை வாரியாக எண்ணினேன்.

```
dir -Recurse -File | group Extension | select Name, Count
```

இப்போது மொத்தம் 1,391. ஆண்ட்ராய்டு JPG 612, HEIC 438, மீதி 341 வீடியோ. அந்த 341-இல் ஒரு HEIC-இன் பெயரையே வைத்துக்கொண்டு மூன்று நொடிக்கு ஓடுகிறவை 248. அவற்றைக் கழித்தால் உண்மையான வீடியோ 93. 612, 438, 93, கூட்டினால் 1,143. ஆல்பம் சொன்ன அதே எண். முதல் தடவை அழித்தது 29 கோப்பு, அதில் 20 படம், 9 வால். அன்றைக்கே வால்களை ஒதுக்கிவிட்டு எண்ணியிருந்தால் 1,123 என்று வந்திருக்கும், இருபது குறைகிறது என்று உடனே பிடிபட்டிருக்கும்.

அந்த 248 வாலையும் பெரியம்மாவுக்கு அனுப்பவில்லை. ஒவ்வொன்றும் மூன்று நொடி, பாதிக்கு மேல் போனைக் கீழே இறக்கும்போது தெரிகிற தரை.

அடுத்தது அளவு. முதல் தடவையே ஒரு வீடியோ பென் டிரைவில் ஏற மறுத்திருந்தது. பென் டிரைவ் 32 ஜிபி, ஆல்பம் 21.4 ஜிபி, இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் விண்டோஸ் `The file is too large for the destination file system` என்கிறது. நான் `Skip` கொடுத்துவிட்டுப் போய்விட்டேன், ஏதோ ஒரு வீடியோதானே என்று. அந்த ஏதோ ஒன்றுதான் முகூர்த்தம், 26 நிமிடம் விடாமல் எடுத்தது. ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. 26 நிமிடத்துக்கு 4,420 எம்பி. FAT32-இல் ஒரு கோப்பின் அளவை 32 பிட்டில்தான் எழுதி வைக்க முடியும், அதனால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரே கோப்பாக எதுவும் உள்ளே போகாது, டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும். கொஞ்சம் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் அதே கோப்பு அங்கே 4.11 ஜிபி என்றுதான் தெரியும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் எல்லையைத் தாண்டுகிறது, ஒரு முடி அகலத்தில்.

இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் பென் டிரைவை `exFAT` ஆக ஃபார்மட் செய்துவிடு என்பது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோவதென்றால் அதுதான் சரி. பெரியம்மா டிவிக்கு அது தெரியாது, செருகினால் வெற்று டிரைவ் மாதிரிதான் நிற்கும். கடையில் வாங்கும் 64 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் `exFAT` ஆகத்தான் வரும் என்பதால் பெரிதாக வாங்குவதும் இங்கே உதவாது. சின்ன டிரைவ், FAT32, கோப்பைச் சுருக்கு. எப்படியும் சுருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த ஐபோன் வீடியோ H.265, டிவிக்கு H.264 வேண்டும். அதோடு 1366×768 திரைக்கு 4கே எதற்கு?

ஆனால் சுருக்குவதற்கு முன்னால் பெயர் மாற்ற வேண்டும், இந்த வரிசை முக்கியம். டிவி கோப்புகளைப் பெயர் அகராதி வரிசையில்தான் ஓட்டுகிறது. பழைய பெயர்களை அப்படியே விட்டால் வரவேற்புக்குப் பிறகு நிச்சயதார்த்தம் வரும், நடுவில் காசி யாத்திரை வரும். இன்னொன்று, `IMG_0412.HEIC`-ஐ JPG ஆக்கினால் அது ஏற்கெனவே இருக்கிற வேறொரு `IMG_0412.JPG` மேல் போய் உட்காரலாம், மறுபடி அதே கோலம் கதை. அதனால் எடுத்த நேரத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டினேன். படத்துக்குள்ளேயே நேரம் பதிவாகியிருக்கும், exiftool அதைப் படித்துத் தரும்.

```
exiftool -r "-FileName<DateTimeOriginal" -d "%Y%m%d_%H%M%S_%%f.%%e" .
```

வாட்ஸ்அப் வழியாக வந்து பிறகு ஆல்பத்தில் ஏறிய சில படங்களில் மட்டும் நேரம் இல்லை, வாட்ஸ்அப் அந்தத் தகவலை உருவிவிடும். அவை பழைய பெயரிலேயே நின்றன, கடைசியில் தனியாக வைத்துக்கொண்டேன்.

வீடியோவில்தான் ஒரு வேடிக்கை. படங்களில் நம் ஊர் நேரம் பதிவாகிறது. வீடியோவுக்குள் `CreateDate` என்ற இடத்தில் எழுதப்படுவது யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 7:12-க்குத் தாலி கட்டிய வீடியோ 014205 என்று பெயர் வாங்கி, விடியற்காலை ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றது, பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற படங்களுக்கும் முன்னால். தாலி கட்டியாகிவிட்டது, அப்புறம்தான் பெண் தலை வாருகிறாள். வீடியோவுக்கு மட்டும் யூடிசி என்று சொல்லிக் கொடுத்தால் கம்ப்யூட்டரின் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

```
exiftool -r -api QuickTimeUTC -ext mov -ext mp4 "-FileName<CreateDate" -d "%Y%m%d_%H%M%S_%%f.%%e" .
```

இந்த இரண்டு வரியையும் ஓட்டுவதற்கு முன்னால் வால் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். பெயர் மாறிய பிறகு எந்த வால் எந்தப் படத்துடையது என்று பிரிப்பது எனக்கு ஒரு மாலை முழுக்கத் தின்றது.

அப்புறம் மாற்றும் வேலை. படங்களுக்கு இமேஜ்மேஜிக், வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக், இரண்டும் இலவசம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் போய் இதை ஓட்டினேன், JPG-க்கும் இதே வரிதான், கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி. `tv` என்ற ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

```
magick mogrify -path ..\tv -auto-orient -resize "1920x1920>" -quality 88 -format jpg *.HEIC
ffmpeg -i in.mov -vf scale=-2:720 -c:v libx264 -crf 21 -pix_fmt yuv420p -c:a aac out.mp4
```

`-auto-orient` பற்றி மட்டும் ஒரு வார்த்தை. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் உள்ளே படுத்தபடிதான் சேமிக்கப்படும், கூடவே "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு இருக்கும். கம்ப்யூட்டரும் போனும் அந்தக் குறிப்பை மதிக்கும், பழைய டிவிகள் பல மதிக்காது. முதல் பென் டிரைவில் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் படுத்துக்கொண்டே வந்ததாகப் பெரியம்மா சொன்னதற்குக் காரணம் அதுதான். இந்தச் சொல் படத்தை உண்மையாகவே நிமிர்த்தி எழுதிவிடும். படத்தைச் சின்னதாக்கியது டிவிக்காகத்தான், முழு அளவு படம் ஒவ்வொன்றுக்கும் அது ஐந்து நொடி யோசித்ததாம். அசல் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பிரிண்ட் போட வேண்டுமென்றால் அதிலிருந்துதான் போட வேண்டும், இந்தச் சுருக்கியதிலிருந்து அல்ல.

வீடியோ மாற்ற என் பழைய லேப்டாப்புக்கு ஒரு இரவு பிடித்தது. முகூர்த்தம் முக்கால் ஜிபிக்குள் வந்துவிட்டது. மொத்தமும் 4 ஜிபி சொச்சம், 16 ஜிபி டிரைவே அதிகம்.

இந்த முறை ஏற்றியதும் அப்படியே கழற்றிக் கொடுக்கவில்லை. முன்பு ஒரு தடவை நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிய டிரைவில் சூடுபட்டிருக்கிறேன். பெயர் எல்லாம் இருந்தது, எண்ணிக்கை சரி, அளவும் சரி, ஆனால் முதல் சில ஜிபிக்குப் பிறகு எந்தக் கோப்பையும் திறக்க முடியவில்லை. மேலே போட்டிருந்த கொள்ளளவு பொய், உள்ளே இருந்த சிப் சின்னது. பெயரையும் அளவையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, உள்ளடக்கத்தைத் திரும்பப் படித்தால்தான் தெரியும். நான் செய்வது இது: ஏற்றி முடித்ததும் முறையாக `Eject` கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகுவேன். கழற்றாமலே சரிபார்த்தால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் வைத்திருப்பதையே படித்து "சரி" என்று சொல்லிவிடக்கூடும். பிறகு 7-Zip இருந்தால் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், `CRC SHA`, அதில் `SHA-256`. லேப்டாப் ஃபோல்டருக்கு ஒரு தடவை, பென் டிரைவ் ஃபோல்டருக்கு ஒரு தடவை. இரண்டிலும் கோப்பு எண்ணிக்கையும், `data` என்று இருக்கும் வரியின் நீண்ட எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு பைட்கூடத் தவறவில்லை. மாமியார் வீட்டில் அதே வயசில் ஒரு டிவி இருக்கிறது, அதிலும் செருகிக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது பென் டிரைவ் போய்ச் சேர்ந்து நான்கு நாள் கழித்துப் போன். பேத்தி வந்துவிட்டாள், அண்ணன் தாரை வார்ப்பதும் வந்துவிட்டது, அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அப்புறம், "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் டிவி முதல் படத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ஒரே ஃபோல்டரில். நான்கு நாளாக நிச்சயதார்த்தத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறாராம், முகூர்த்தம் வரை போனது ஒரே ஒரு தடவை.

அதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவது தடவை ஏழு ஃபோல்டராகப் பிரித்தேன், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒன்று. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் மாமியார் வீட்டு டிவியில் கட்டம் கட்டமாக வந்தது, அதனால் வெறும் எண், 01 முதல் 07 வரை. 04 என்றால் என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பென் டிரைவைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினேன். 04 தாலி கட்டு. 05 பந்தி. பெரியம்மா அந்தத் தாளை டிவிக்குப் பக்கத்தில் செல்லோ டேப்பில் ஒட்டிவிட்டாராம். 05-ஐ மட்டும் அடுத்த தடவை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார், இடத்தை அடைக்கிறதாம்.